பில்லை யார் அனுப்புவது?

இரவு ஒன்பதரைக்கு ஃபோன் வந்தது. "சார், ஒரு மெயில் போட்டிருக்கேனுங்க. காலைல கஸ்டமருக்கு அனுப்பணும். ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க." பேசியவர் கோவையில் ஏர் கம்ப்ரசர் விற்கும் இளைஞர். அந்த வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். பழைய பழக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் இப்படி அனுப்புவார்கள்.

அன்று, ஜூன் 11 புதன்கிழமை, அவர் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போய் வந்திருந்தார். நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் அறுந்த நூலை இணைப்பது அழுத்தப்பட்ட காற்றால்தான். ஆகவே மில் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரசரும் ஓட வேண்டும். அங்கே இரண்டு பழைய கம்ப்ரசர்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு 55 கிலோவாட்டில் புதியது போட்டால் கரண்ட் மிச்சமாகுமா என்பது மில்லின் கேள்வி. பல லட்ச ரூபாய் விஷயம் என்பதால் ஒரே உட்காரலில் முடியாது. ஜெனரல் மேனேஜர், மெயின்டனன்ஸ் மேனேஜர், எலக்ட்ரிகல் இன்ஜினியர், பர்சேஸ் மேனேஜர் என்று நான்கு பேர் உட்கார்ந்து, டீ குடித்து, இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். முதலாளி வரவில்லை.

மெயில் ஆங்கிலத்தில் இருந்தது. நம் ஊர் வியாபார மெயில்கள் பெரும்பாலும் அப்படித்தான். தமிழில் அது இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு மிக்க நன்றி. எங்கள் கம்ப்ரசரின் சிறப்புகள் பற்றி விரிவாகப் பேசியது மகிழ்ச்சி. பேசியபடி ஏர் ஆடிட் விரைவில் ஏற்பாடு செய்யப்படும். மின்கட்டண விவரங்கள் கிடைத்ததும் சேமிப்புக் கணக்கு தயாரிக்கப்படும். திருத்திய கொட்டேஷன், கடன் வசதியுடன், அனுப்பப்படும். ஏற்கெனவே எங்கள் இயந்திரம் ஓடும் ஒரு மில்லைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். அதன்பின் முதலாளியின் ஒப்புதலுக்கு நாம் கொண்டுசெல்வோம். வேறு விவரம் தேவைப்பட்டால் தயங்காமல் தொடர்புகொள்ளவும்."

மரியாதைக்குக் குறைவில்லை. பிழையும் இல்லை. ஆனால் மறுநாள் காலை இதைத் திறக்கிற எலக்ட்ரிகல் இன்ஜினியர் தன் நோட்டில் எதைக் குறித்துக்கொள்வார்? ஒன்றையும் குறித்துக்கொள்ள மாட்டார். படித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கென்று ஒரு வேலை அதில் எழுதப்படவே இல்லை.

இம்மாதிரி மெயிலைத் திருத்த உட்காரும்போது நான் முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுவேன். செய்யப்படும், தயாரிக்கப்படும், அனுப்பப்படும், செய்யலாம், கொண்டுசெல்வோம். பிறகு ஒவ்வொன்றின் முன்னாலும் 'யார்?' என்று எழுதுவேன். இந்த மெயிலில் ஐந்து இடத்தில் எழுதினேன். ஐந்துக்கும் மெயிலில் பதில் இல்லை.

தமிழில் வினையைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். 'அனுப்புகிறேன்' என்றால் நான், 'அனுப்புவார்' என்றால் அவர். இந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்வது இரண்டு வழியில். ஒன்று, 'படும்'. அனுப்பப்படும் என்று எழுதியதும் அனுப்புகிறவர் காணாமல் போய்விடுகிறார். இன்னொன்று 'லாம்'. அது இன்னும் பொல்லாதது. யோசனை, அனுமதி, வாய்ப்பு என்று எதுவாகவும் அதைப் படிக்கலாம், வாக்குறுதியாக மட்டும் படிக்க முடியாது. விற்பனைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கஸ்டமர் "பார்க்கலாங்க" என்றால் பாதி நேரம் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றாவதாக ஒரு குழி இருக்கிறது. 'வீ' என்ற ஒரு சொல்லுக்குள் நம்முடைய 'நாம்', 'நாங்கள்' இரண்டும் ஒளிந்துகொள்கின்றன. எழுதுகிறவர் தன் கம்பெனியை நினைத்து எழுதுவார், படிக்கிறவர் தன் மில்லையும் சேர்த்துப் படிப்பார், அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கும். முதலாளியின் ஒப்புதலுக்கு 'வீ' கொண்டுசெல்வோம் என்று தம்பி எழுதியிருந்தார். தமிழாக்கும்போது நான் 'நாம்' என்று போட்டேனே தவிர, அவர் மனதில் இருந்தது எது என்று எனக்கே தெரியாது. ஆங்கில மெயில் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே சோதனை இதுதான்: 'வீ' வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, தமிழில் நாமா, நாங்களா என்று கேளுங்கள். 'நாங்கள்' என்றால் உங்கள் பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். 'நாம்' என்றால் கவனமாக இருங்கள். அங்கே பெரும்பாலும் யாரும் இல்லை.

ஊர்த்தேரை இழுக்க ஊரே வரும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இன்னார் என்று முன்பே தெரிந்திருக்கும். அந்த வேலையைக் கூட்டத்திடம் விட மாட்டார்கள்.

அடிக்கோடுகளோடு தம்பியைத் திரும்ப அழைத்தேன். திருத்தம் செய்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வாக்கியத்தை மட்டும் நேராக்கி, காலியாக இருக்கும் இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். கூட்டத்தில் நான் இல்லை, ஆகவே பெயர் போடும் உரிமை எனக்குக் கிடையாது. கேட்கத்தான் முடியும்.

"மின்கட்டண பில் தர்றதா யார் சொன்னாங்க?"

"எல்லாரும் தலையாட்டினாங்க சார்."

"தலையாட்டின நாலு பேர்ல யார் அனுப்புவாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எலக்ட்ரிகல் இன்ஜினியர்தான் நினைக்கிறேன். ஆனா ஹெச்.டி. பில்லு அக்கவுன்ட்ஸ்ல இருக்கும்னு சொன்னாருங்க."

சரி, பில் இருப்பது அக்கவுன்ட்ஸில். ஆனால் அக்கவுன்ட்ஸிலிருந்து யாரும் கூட்டத்துக்கு வரவில்லை, அவர்களுக்கு இந்தக் கதையே தெரியாது. ஆகவே அதை வாங்கி அனுப்பும் பொறுப்பு கூட்டத்தில் இருந்த எலக்ட்ரிகல் இன்ஜினியருக்குத்தான் வர வேண்டும். வேலையைச் செய்ய எத்தனை கை வேண்டுமானாலும் சேரட்டும், 'வந்ததா' என்று கேட்க ஒருவர்தான் இருக்க வேண்டும். 'மெயின்டனன்ஸ், எலக்ட்ரிகல் துறைகள் ஒருங்கிணைந்து' என்று எழுதினால் இரண்டு துறையும் மற்றவர் செய்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்கும்.

"அந்த பில் எதுக்கு, தெரியுமில்ல?" என்று கேட்டேன். தெரிந்திருந்தது. சேமிப்புக் கணக்கு என்பது மிச்சமாகும் யூனிட்டை ஒரு யூனிட் விலையால் பெருக்குவது. இங்கே பல மில்கள் காற்றாலை மின்சாரத்தையும் கணக்கில் கழித்துக்கொள்கின்றன. அதனால் யூனிட் விலை மில்லுக்கு மில், மாதத்துக்கு மாதம் மாறும். 12 மாத பில் இல்லாமல் போடும் கணக்கை பர்சேஸ் மேனேஜர் ஒரே நிமிஷத்தில் கிழித்துப் போட்டுவிடுவார். இந்தக் காரணத்தில் ஒரு வரியாவது மெயிலில் இருக்க வேண்டும். எதற்கென்று தெரிந்தால் பில் சீக்கிரம் வரும்.

அடுத்தது ஏர் ஆடிட். கம்ப்ரசர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, காற்றழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஒரு கருவி 7 நாள் பதிவு செய்யும். மில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையும் அதில் வர வேண்டும். உற்பத்தி இல்லாத நாளில் கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தால், அப்போதும் செலவாகிற காற்று குழாயில் கசிகிற காற்று. கரண்ட் அளக்கும் கிளாம்ப்பை வயர் மேல் மாட்டினால் போதும், எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் மின்பேனலைத் திறக்க மில் எலக்ட்ரீஷியன் நிற்க வேண்டும். அழுத்தம் அளக்க, மெயின் ஏர் லைனில் வால்வோடு ஓர் இணைப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எனக்குப் பழைய காயம் வலிக்கும். பல வருஷம் முன்பு நான் எழுதிய ஒரு மெயிலிலும் 'ஆடிட் ஏற்பாடு செய்யப்படும்' என்றுதான் இருந்தது. சென்னையிலிருந்து எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் கருவிப்பெட்டியோடு ராத்திரி பஸ் ஏறி, காலையில் மில் வாசலில் நின்றார். செக்யூரிட்டிக்குத் தகவல் இல்லை. உள்ளே விட்டபிறகு பேனலைத் திறக்க ஆளில்லை, லைனில் இணைப்பும் இல்லை. மெயின்டனன்ஸ்காரர் பாவம், "நீங்களே எல்லாம் கொண்டுவருவீங்கன்னு நினைச்சேன்" என்றார். அவர் நினைத்ததில் தப்பில்லை. என் மெயிலைப் படித்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். இன்ஜினியர் அன்று ராத்திரியே பஸ் ஏறினார். அந்த ஆர்டர் எங்களுக்கு வரவில்லை.

'ஏற்பாடு செய்யப்படும்' என்ற இரண்டு சொல்லுக்குள் மூன்று பேர் வேலை இருந்திருக்கிறது. இணைப்பு மெயின்டனன்ஸுக்கு, எலக்ட்ரீஷியன் எலக்ட்ரிகலுக்கு, கருவி நமக்கு. வரிசையும் முக்கியம். இணைப்பு இல்லாமல் கருவி வந்து பயனில்லை. இந்த மூன்றையும் பிரித்ததும் ஒரு வாக்கியம் மூன்று வரியானது.

"கொட்டேஷன்ல கடன் வசதின்னு போட்டிருக்கீங்க. எத்தனை நாள்?"

"60 நாள் கேட்டாங்க சார்."

"கொடுக்கறதா சொன்னீங்களா?"

"இல்லீங்க, ஏரியா மேனேஜரைக் கேட்கணும்."

கேட்காத ஒன்றைத் தருவதாக எழுதியாகிவிட்டது. இதைத் தம்பியின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் 10ஏ என்று ஒரு பிரிவு 2008 திருத்தத்தில் சேர்ந்தது. மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது அது. இந்த மெயில் ஒப்பந்தமாகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் நாளைக்கு விலை பேசும்போது பர்சேஸ் மேனேஜர் இதைத்தான் எடுத்து முன்னால் வைப்பார். விற்பனைக்காரருக்குச் சொந்தமான வேலை, கேட்டுச் சொல்வதுதான். ஆகவே கடனைத் தருவதாக எழுதக் கூடாது. கேட்டு, உண்டா இல்லையா என்று இன்ன தேதியில் சொல்கிறேன் என்று எழுதலாம்.

வேறு மில்லைப் பார்க்கும் விஷயத்தில் ஜி.எம். சொன்ன வார்த்தை என்னவென்று கேட்டேன். "பார்க்கலாங்கன்னாரு." நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அது முடிவான வேலையே அல்ல. அதற்கு ஆள் போட்டுத் தேதி போட்டால், சொல்லாததைச் சொன்னதாக எழுதியது போல ஆகும். முதலாளி ஒப்புதலும் அப்படியே. யார் அவரிடம் கொண்டுபோவது என்று கூட்டத்தில் பேச்சே வரவில்லை. வராத மனிதருக்கு மெயிலில் வேலை வைப்பதும் சரியில்லை. இம்மாதிரி இடங்களில் திருத்துகிறவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. முடிவாகாததை முடிவாகாதது என்றே தனியாக எழுதி, பதில் சொல்லக்கூடிய ஒருவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். கூட்டத்தில் விட்டதை மெயிலில் மறைக்காமல் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தம்பிக்கு ஒரு தயக்கம் இருந்தது. "சார், அவங்க கஸ்டமர். வயசுலயும் பெரியவங்க. இந்தத் தேதிக்குள்ள செய்யுங்கன்னு எப்படி எழுதறது?"

நியாயமான தயக்கம்தான். 'படும்' என்று எழுதும் பழக்கம் பாதி இந்த மரியாதையிலிருந்துதான் வருகிறது. இதற்கு நான் கண்ட வழி, அவர்கள் தேதியை நம் தேதியோடு கட்டிவிடுவது. 'சனிக்குள் பில் வந்தால் 27-ஆம் தேதி கணக்குத் தருகிறேன், தாமதமானால் அத்தனை நாள் கணக்கும் தள்ளும்' என்றால் அது கட்டளையாகத் தொனிக்காது. இன்னொன்று, மெயில் அனுப்புமுன் பெயர் வருகிற இரண்டு பேருக்கும் ஃபோன் போட்டு, "சார், இந்த வேலைக்கு உங்க பேரைப் போட்டு எழுதறேன், சரிங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். ஜி.எம்.முக்கும் போகிற மெயிலில் தன் பெயரைத் திடீரென்று பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தேதி எழுதும்போது கிழமையும் சேர்க்கச் சொன்னேன். 'நாளை', 'இந்த வாரக் கடைசி' எல்லாம் எழுதிய நாளில்தான் பொருள்படும். நாலு நாள் கழித்து அக்கவுன்ட்ஸுக்கு ஃபார்வர்டு ஆகும்போது எந்த நாளை என்று யாருக்கும் தெரியாது. அட்டவணை போடட்டுமா என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். பாதிப் பேர் ஃபோனில்தான் படிப்பார்கள், சின்னத் திரையில் அட்டவணையின் கட்டங்கள் சிதறிவிடும். அங்கிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் சொல்லவே வேண்டாம். வரியின் முதல் சொல்லாக ஆள் இருந்தால் போதும்.

பத்தே முக்காலுக்கு மெயில் இப்படி நின்றது. அசலில் பெயர்கள் இருந்தன, இங்கே பதவிகளை மட்டும் வைத்திருக்கிறேன்.

பொருள்: ஏர் ஆடிட் ஜூன் 16 திங்கள் – சனிக்கிழமைக்குள் மில்லிலிருந்து இரண்டு உதவி

வணக்கம் சார். நேற்று (ஜூன் 11, புதன்) நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பழைய கம்ப்ரசர் ஒன்றை மாற்றுவதா என்பதை 7 நாள் ஏர் ஆடிட் முடிவைப் பார்த்துத் தீர்மானிப்பதாகப் பேசினோம். யார் என்ன செய்கிறோம் என்று நான் புரிந்துகொண்டது:

எலக்ட்ரிகல் இன்ஜினியர்: கடந்த 12 மாத ஹெச்.டி. பில் நகல்களை ஜூன் 14 சனிக்குள் எனக்கு அனுப்புகிறார் (உங்கள் உண்மையான யூனிட் விலையில் கணக்குப் போட). ஜூன் 16 காலை 10 மணிக்கு பேனலைத் திறக்க ஓர் எலக்ட்ரீஷியனை நிறுத்துகிறார்.

மெயின்டனன்ஸ் மேனேஜர்: மெயின் ஏர் லைனில் அரை அங்குல வால்வோடு ஓர் இணைப்பை ஜூன் 14 சனிக்குள் தயார் செய்கிறார்.

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்: ஜூன் 16 திங்கள் காலை 10 மணிக்குக் கருவியைப் பொருத்தி, ஜூன் 23 திங்கள் கழற்றுகிறார்.

நான்: 60 நாள் கடன் பற்றி எங்கள் ஏரியா மேனேஜரைக் கேட்டு, ஜூன் 17 செவ்வாய் பதில் சொல்கிறேன். ஆடிட் அறிக்கை, சேமிப்புக் கணக்கு, திருத்திய கொட்டேஷன் மூன்றையும் ஜூன் 27 வெள்ளி அனுப்புகிறேன். பில் தாமதமானால் சேமிப்புக் கணக்கு அத்தனை நாள் தள்ளும்.

இன்னும் முடிவாகாதது: அறிக்கையை முதலாளியிடம் யார், எந்த வாரம் கொண்டுபோவது என்று நாம் பேசவில்லை. ஜி.எம். சார், நீங்கள் சொன்னால் அதற்கேற்ப அறிக்கையைத் தயார் செய்கிறேன். வேறு மில்லைப் பார்ப்பது தேவையா என்பதை அறிக்கைக்குப் பின் முடிவு செய்யலாம்.

பெயரோ தேதியோ தவறாக இருந்தால் ஜூன் 13 வெள்ளி மாலைக்குள் ஒரு வரி எழுதுங்கள். திருத்தி எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு 'லாம்' இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தெரிந்தே விட்டது. ஜி.எம். சொன்னதும் அவ்வளவுதான். கம்ப்ரசரின் சிறப்புகள் போய்விட்டன, அதற்கு பிரௌச்சர் இருக்கிறது. தம்பி முடிவில் 'பதில் வராவிட்டால் தங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்' என்றும் சேர்க்கப் பார்த்தார். அதை எடுத்துவிட்டேன். மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவைப்பது வழக்குக்கு உதவலாம், வியாபாரத்துக்கு உதவாது. பதில் வராவிட்டால் வெள்ளி மாலை ஃபோன் செய்வதே முறை.

மெயில் அனுப்பும் பெட்டியில் வேலை இருக்கிற இரண்டு பேரும், கேள்வி கேட்கப்பட்ட ஜி.எம்.மும் மேலே. தெரிந்திருந்தால் போதும் என்கிற பர்சேஸ் மேனேஜர் சிசியில். ஏரியா மேனேஜரை இதில் போட வேண்டாம், அவருக்குத் தனியாக எழுதுங்கள் என்றேன். கடன் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு.

வியாழன் காலை இரண்டு ஃபோனும் பேசிவிட்டுத் தம்பி மெயிலை அனுப்பினார். சாயங்காலமே மெயின்டனன்ஸ் மேனேஜரிடமிருந்து ஒரு வரி வந்தது. சனிக்கிழமை அவர் லீவு, இணைப்பு வேலையை யுடிலிட்டி ஃபோர்மேன் பார்ப்பார், நம்பர் இதோ. காலையில் ஃபோனில் சரி சொன்னவர்தான். தன் பெயருக்கு நேரே சனிக்கிழமை என்று எழுத்தில் பார்த்த பிறகுதான் லீவு நினைவுக்கு வந்திருக்கிறது. தம்பி பெயரை மாற்றி எல்லோருக்கும் திரும்ப அனுப்பினார்.

கருவி திங்கள் காலை பத்தே முக்காலுக்குப் பொருத்தியாகிவிட்டது. பில்கள் பதினொன்றுதான் வந்தன. ஒரு மாதத்து பில்லை அக்கவுன்ட்ஸில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.